வயதைச் சொல்லிப் பகிடி பண்ணி, பதவி விலகல் கடிதம் கேட்பவர்கள்: திருகோணமலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் கட்டடப் பொருட்களை மொத்தமாக விநியோகிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். எனக்கு 54 வயது. கிளைக்குப் புதிதாக வந்த முகாமையாளர் என் மூத்த மகனின் வயதுடையவர். முதலில் “ஐயா” என்று அழைத்த அவர், சரக்கு இருப்பைக் கணினியில் பதியும் புதிய முறை தொடங்கியதும், எல்லோர் முன்னிலையிலும் “அப்பு” என்று அழைக்கத் தொடங்கினார். “அப்பு கணக்குப் பார்த்து முடிக்கிறதுக்குள்ள லொறி கண்டிக்குப் போய்ச் சேர்ந்திடும்” என்பார். கிளையின் வாட்ஸ்அப் குழுவில் ஊன்றுகோல் பிடித்த கிழவரின் படத்தைப் போட்டு என் பெயரை எழுதுவார். சில மாதங்களின் பின், “உடல்நலக் காரணங்களால் விலகுகிறேன்” என்று ஏற்கனவே தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கடிதத்தை நீட்டி, மரியாதையாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். நான் கையெழுத்திடவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, வயதை வைத்துக் கேலி செய்வதை மட்டும் தனியார் துறையில் தனிக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை என்பதாகும். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பற்றிப் பேசினாலும், அது பெரும்பாலும் அரசின் செயல்களையே கட்டுப்படுத்துகிறது. ஆனால் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, தொழிலாளர்களின் ஆகக்குறைந்த ஓய்வுபெறும் வயது பற்றிய சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடங்களில், என் வயதுடையவர்களை 60 வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி அனுப்ப முடியாதபடி செய்திருக்கிறது. ஆகவே, நேரடியாக அனுப்ப முடியாதவர்களைத் தாங்களாகவே போகவைப்பதற்குப் பகிடி பயன்படுத்தப்படுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பகிடி எங்கே வேலையைத் தொட்டது என்பதைக் காட்டுவதிலேயே உங்கள் முறைப்பாட்டின் வலு இருக்கிறது.

எனவே, தைத்த கொப்பி ஒன்றில், சம்பவம் நடந்த அன்றே எழுதுங்கள். அதை வீட்டில் வையுங்கள். “இழிவாகப் பேசினார்” என்ற வசனத்தால் பயனில்லை. அவர் சொன்ன சொற்களே வேண்டும். என் குறிப்புகளில் ஒன்று இப்படி இருக்கிறது: “திங்கட்கிழமை காலை 8.40, களஞ்சிய வாசல். காசாளரும் லொறிச் சாரதியும் நின்றார்கள். ‘அப்புவுக்குக் கணினி விளங்காது, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ’ என்றார். அன்று பிற்பகல் பயிற்சிப் பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டிருந்தது.” கடைசி வசனம்தான் மிக முக்கியமானது, ஏனெனில் அது கேலியை ஒரு தீர்மானத்தோடு சேர்க்கிறது. அங்கே நின்றவர்களைக் கையெழுத்திடும்படி கேட்காதீர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பெயரைக் குறித்துவைத்தால் போதும்.

வாட்ஸ்அப் படங்களை, குழுவின் பெயர், அனுப்பியவர், திகதி ஆகிய மூன்றும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துத் தாமதமின்றி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். குழுவில் போட்டதை அவர் அழித்துவிடலாம். வேலையில் திறமை குறைந்துவிட்டது என்றே நிறுவனம் பதில் சொல்லும் என்பதால், இருப்புக் கணக்கெடுப்புகள் சரியாக முடிந்த திகதிகளையும் எழுதிவையுங்கள். விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விபரம் போன்ற நிறுவனத்தின் ஆவணங்களை மட்டும் வெளியே கொண்டுபோகாதீர்கள். அதையே ஒழுக்காற்று விசாரணைக்குக் காரணமாக்கிவிடுவார்கள்.

அடுத்து, தலைமையகத்தின் மனிதவளப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். சம்பவங்களைத் திகதி வரிசையில் எழுதி, இவ்வாறு அழைப்பதை நான் விரும்பவில்லை என்றும், பதவி விலகும் எண்ணம் எனக்கு இல்லை என்றும், பயிற்சியில் என்னை மீண்டும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டேன். “அது வெறும் பகிடிதானே” என்று தொலைபேசியில் பதில் வந்தது. அந்த உரையாடலையும் திகதியோடு எழுதி இரண்டாவது கடிதமாக அனுப்பி, பிரதியைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கையளித்து, எனது பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். அதன் பின்னரே எழுத்தில் பதில் வந்தது. பயிற்சியில் சேர்க்கப்பட்டேன், “அப்பு” நின்றது, மன்னிப்பு வரவில்லை.

தாங்க முடியாமல் விலகுவோர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. நெருக்கடியால் விலகினேன் என்று தொழில் நியாயசபையில் வழக்காடலாம் எனினும், அதை நிரூபிப்பது மிகக் கடினம். “சொந்தக் காரணங்களால்” என்று கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் இன்னும் கடினம். விண்ணப்பத்துக்கான காலமும் வேலை முடிந்த திகதியிலிருந்து 6 மாதங்கள் மட்டுமே. நியாயசபைக்குப் போகும் எண்ணம் இருந்தால், விலகுவதற்கு முன்பே கொப்பியையும் கடிதங்களையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, கடிதத்தின் வாசகத்தை அவரோடு சேர்ந்து எழுதுங்கள்.