ஒரே குழந்தை, பதினாலு படத்தில் நாலு முகம்: படப்புத்தகம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

சிறுவர் படப்புத்தகத்துக்கு ஓவியரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆறு மாதமும், பேசிய தொகையில் முக்கால் பங்கும் போய்விட்டது. கையில் இருப்பது அச்சுக்குக் கொடுக்க முடியாத பதினாலு படங்கள்.

நான் எழுதிய கதை சின்னது. பொம்மி என்ற ஐந்து வயதுக் குழந்தை, காணாமல்போன தன் பூனையைக் காலையிலிருந்து இரவு வரை தேடுகிறாள். மொத்தம் 32 பக்கம், அதில் 14 இரட்டைப் பக்கப் படங்கள், எல்லாவற்றிலும் பொம்மி உண்டு. வலது தோளில் விழும் ஒற்றைப் பின்னல், இடது கன்னத்தில் ஒரு மச்சம், மூன்று பித்தான் வைத்த மஞ்சள் கவுன். இதுதான் அவள்.

ஓவியர் முதலில் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. “மாடல் ஷீட் போட்டுத் தருவீர்களா?” என்று கேட்டேன். ஒரே பாத்திரத்தை முன்பக்கம், முக்கால் திருப்பம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம் என்று ஒரே உயரத்தில் வரிசையாக வரைந்து, பக்கத்தில் நாலைந்து முகபாவங்களும் நிறங்களும் வைத்திருக்கும் தாள் அது. “அதெல்லாம் என் மனசிலேயே இருக்கு, கவலைப்படாதீங்க” என்றார். நானும் சரி என்றுவிட்டேன். மொத்தக் கோளாறும் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு படம் வரும். செல்போனில் திறந்து பார்ப்பேன். அழகாக இருக்கும். முந்தின படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. ஒப்புதல் சொல்லிவிட்டுத் தவணையை அனுப்பிவிடுவேன். பதினாலும் வந்த பிறகு வரிசையாக அடுக்கி, தெரிந்தவர் வீட்டு ஆறு வயதுப் பையனுக்குக் கதை சொன்னேன். பதினொன்றாவது படத்தில் விரலை வைத்து, “இது பொம்மியோட அக்காவா?” என்று கேட்டான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பதினாலு படத்திலிருந்தும் பொம்மியின் தலையை மட்டும் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரே வரிசையில் வைத்தேன். வயிறு கலங்கிவிட்டது. நாலாவது படம் மூன்றாவதைப் போலவே இருக்கிறது. எட்டாவது ஏழாவதைப் போல இருக்கிறது. ஆனால் பதினொன்றாவதற்கும் முதல் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தின படத்தைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள். நகலின் நகல், அதற்கும் ஒரு நகல். ஒவ்வொரு தடவையும் துளித் துளியாக விலகியது கடைசியில் வேறு குழந்தையாகிவிட்டது.

எது மாறியது என்று அளந்தும் பார்த்தேன். முதல் படத்தில் பொம்மியின் மொத்த உயரம் அவள் தலையைப் போல் மூன்று பங்கு. பதினொன்றில் நாலேகால் பங்கு. முதல் படத்தில் கண்கள் தலையின் நடுக்கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கின்றன, நெற்றி பெரிதாகத் தெரிகிறது. பதினொன்றில் கண்கள் நடுக்கோட்டுக்கே ஏறிவிட்டன. குழந்தைக்கு நெற்றி பெரிது, கண் கீழே. கண்ணை மேலே ஏற்றிக் கால்களை நீட்டினாலே வயது கூடிவிடும், மூக்கும் வாயும் அப்படியே இருந்தாலும். அந்தப் பையன் அக்கா என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது மச்சம். ஐந்து, எட்டு, பன்னிரண்டு ஆகிய மூன்று படங்களில் மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது, பின்னல் இடது தோளுக்குப் போய்விட்டது. கதை பக்கம் புரட்டும் திசையில் நகர வேண்டும் என்பதால், வலப்பக்கம் பார்த்து நடக்கும்படி அவளைக் காட்டச் சொல்லியிருந்தேன். அவர் புதிதாக வரையாமல், இருந்த படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுவிட்டார். ஒரு பக்கம் மட்டும் இருக்கிற மச்சம், பின்னல், பை, உடைந்த பல் எதுவாக இருந்தாலும் இந்த வேலை உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பாத்திரத்துக்கு இப்படி ஒரு அடையாளம் வைப்பது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன்.

கவுனின் நிறத்தை, தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் ஐடிராப்பர் கருவியால் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் படத்தில் `#F4B83A`, அதே பகல் வெளிச்சத்தில் ஒன்பதாம் படத்தில் `#E3CF57`. முதலாவது மாம்பழ மஞ்சள், மற்றது பச்சை கலந்த மஞ்சள். இரவுக் காட்சியில் நிறம் மாறத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முறை உண்டு. கவுன், தோல், முடி எல்லாம் எப்போதும் போட்ட அதே அடிநிறத்தில் இருக்க வேண்டும், அதன்மேல் `Multiply` முறையில் வைத்த ஒரு நீல லேயர், அதாவது தனி நிற அடுக்கு, முழுப் படத்தையும் சேர்த்து இருட்டாக்க வேண்டும். அப்போது கவுனும் தோலும் ஒன்றாக மாறும், கண் அவளை அதே பொம்மியாக ஏற்றுக்கொள்ளும். இவர் இரவு நிறங்களை உத்தேசமாகத் தனித்தனியே கலந்திருந்தார். தோல் சாம்பலாகிவிட்டது, கவுன் மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

இதையெல்லாம் அனுப்பிக் கேட்டபோது, “முகத்தை மாத்தறது திருத்தம் இல்லீங்க, புதுசா வரையறது. அதுக்குத் தனியா ஆகும்” என்றார். சரி, லேயர் பிரிந்த மூல ஃபைலைக் கொடுங்கள், வேறு யாரையாவது வைத்துச் சரிசெய்துகொள்கிறேன் என்றேன். எல்லாம் ஒன்றாக ஒட்டிய JPG-தான் இருக்கிறது என்றார். முதல் நாலு படத்தில் கோடு தொடக்கத்தில் மெலிந்து நடுவில் தடித்து வருகிறது, ஐந்திலிருந்து ஒரே தடிமனில் ஓடுகிறதே என்று விடாமல் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. ஐந்தாம் படம் முதல் அவர் வரையவே இல்லை. வேறு இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டார். அந்த இருவர் கையிலும் மாடல் ஷீட் இல்லை, முந்தின படம் மட்டும்தான். அவர் பெயரைப் பார்த்து, அவர் கைக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன். அதை என்னிடம் மறைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. இன்னொருவர் வரைவது குற்றமில்லை, சொல்லிவிட்டு, ஒரே ஷீட்டை எல்லோரிடமும் கொடுத்திருந்தால் பொம்மி பிழைத்திருப்பாள்.

இப்போது வேறொருவர் முதலிலிருந்து வரைகிறார். வண்ணத்தைத் தொடும் முன்பே ஷீட் வந்தது, அதன் குறுக்கே மூன்று தலை உயரத்துக்குக் கோடு போட்டிருக்கிறார். பிறகு பதினாலு காட்சிகளும் பென்சில் ஸ்கெட்சாக ஒரே நேரத்தில் வந்தன. தலைகளை வெட்டி வரிசையில் வைக்கும் வேலையை இந்தக் கட்டத்திலேயே செய்தேன். ஆறாவதில் கால் நீண்டிருந்தது, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். வண்ணம் போட்ட பிறகு அது முழுப்படத்தையும் திரும்ப வரையும் வேலை.

ஒப்பந்தத்தில் இந்த முறை நான் சேர்த்தவை: வரைவது யார் என்பது எழுத்தில், ஷீட்டுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகே இரண்டாம் தவணை, ஷீட்டோடு பொருந்தாத முகம் கட்டணமில்லாத் திருத்தம், லேயர் பிரிந்த ஃபைல் எனக்கு. இன்னொன்று, மாதிரிப் படம் கேட்கும்போது அழகான ஒரே படத்தைக் கேட்காதீர்கள். அதே குழந்தை முதுகைக் காட்டி ஓடுவது, குனிந்து கட்டிலுக்கடியில் தேடுவது, வாயைத் திறந்து அழுவது என்று மூன்று கேளுங்கள், அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தாவது. பொம்மிக்கு அந்த மூன்றைக் கேட்டிருந்தால், முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.