உயில் இல்லை, வாரிசு ஐந்து பேர்: நெல்லைப் பக்கம் பாகப்பிரிவினைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு

ஒரு மாத லீவில் ஊருக்கு வந்து, அப்பா சொத்தைப் பிரித்து, பத்திரமும் பதிந்துவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்ற கணக்கோடுதான் பலரும் வருகிறார்கள். பதிவு ஒரு நாள் வேலைதான். வாரிசுச் சான்றிதழில் யார் பெயர் வர வேண்டும் என்ற இடத்தில்தான் லீவு முழுக்கக் கரைகிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இந்த வேலைக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை, ஒரே ஒரு குடும்பக் கணக்கை வைத்து எழுதுகிறோம். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக அமைத்துக்கொண்ட குடும்பம் இது.

இறந்தவர் உயில் எழுதவில்லை. சொத்தெல்லாம் அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது. மனைவி இருக்கிறார். எண்பது தாண்டிய அம்மா இருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் ஆச்சி. ஒரு மகன் வெளிநாட்டில், ஒரு மகள் பாளையங்கோட்டையில். மூத்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார், அவர் மனைவியும் இல்லை. அவர்களுடைய பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை நாகர்கோவிலில் தாய்மாமா வீட்டில் வளர்கிறது.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8, 10 பிரிவுகள்படி இவர்கள் ஐந்து பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். மனைவிக்கு ஒரு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு, மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, இறந்த மகனின் கிளைக்கு ஒரு பங்கு. ஆக, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பேத்தியின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கிளையின் ஒரு பங்கைத் தாயும் மகளும் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள், பத்தில் ஒன்று வீதம். கிளை ஒன்றுதான் என்பதால் மற்ற நால்வரின் பங்கு அதனால் மாறாது. மகளுக்குக் கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள், சீர் எவ்வளவு செய்தார்கள் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவையும் 2005இல் எடுத்துவிட்டார்கள்.

சுயசம்பாத்தியம் என்பதற்குச் சான்று அவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம். பட்டா அவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980களில் நடந்த யு.டி.ஆர். அளவையில் கூட்டுக்குடும்ப நிலத்துக்குக்கூட மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா ஏறிய இடங்கள் இங்கே நிறைய உண்டு. அதனால் tnreginet.gov.in தளத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் போட்டு, அவர் பெயருக்குச் சொத்து எந்தப் பத்திரத்தின் வழியாக வந்தது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். தாத்தா காலத்துப் பூர்வீக நிலம் என்று தெரிந்தால் கணக்கே வேறு. அதை இந்த ஐந்து பங்கோடு கலக்கக் கூடாது.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தாரிடம் போகும். இ-சேவையில் விண்ணப்பதாரருக்குக் கேன் எண் என்ற பதிவு எண் ஒன்று எடுக்க வேண்டும். அதற்கு ஓ.டி.பி. வர இந்திய மொபைல் எண் வேண்டும். வெளிநாட்டு எண்ணோடு வருகிறவருக்கு முதல் தடை இதுதான். உள்ளூரில் இருக்கும் அம்மாவோ அக்காவோ பெயரில் மனுப் போட்டுவிட்டால் சிக்கல் இல்லை, பயணத் தேதிக்கு முன்பே வேலையும் நகர ஆரம்பித்துவிடும்.

விசாரணையின்போது கவனமாக இருக்க வேண்டும். "பொண்டாட்டி பிள்ளைங்க பேரு போதுமே, ஆச்சி பேரு எதுக்கு?" என்று ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டதைக் காதாரக் கேட்டோம். கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை. பழக்கம் அப்படி இருக்கிறது. ஆனால் ஆச்சி பெயர் விட்டுப்போன சான்றிதழை வைத்துப் பதிந்த பாகப்பிரிவினை ஐந்தில் ஒரு பங்குக்காரரைச் சேர்க்காத பிரிவினை. அவரோ அவருக்குப் பின் வருகிறவரோ வழக்குப் போட்டால் நிற்காது. பேத்தி பெயரும் இதேபோல் விடுபடும். அப்பா போட்ட ரேஷன் கார்டில் அந்தக் குழந்தை இருக்காது, வெளியூரில் வளர்கிறது, அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்திலும் நினைவுக்கு வராது. அதைத் தடுக்க மனுவோடு மூத்த மகனின் இறப்புச் சான்று, அவர் மனைவியின் இறப்புச் சான்று, மூத்த மகனுக்கான தனி வாரிசுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று நான்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூத்த மகனுக்கு அப்போதே வாரிசுச் சான்று வாங்காமல் விட்டிருந்தால் அதற்குத்தான் முதலில் மனுப் போட வேண்டும். இன்னொன்று: தாசில்தார் தருவது வாரிசுகள் யார் என்ற பட்டியல். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அதில் இருக்காது, அதைச் சட்டம்தான் சொல்கிறது.

ஆச்சியின் பங்கை அலட்சியப்படுத்துகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "வயசான மனுசி, இன்னும் எத்தனை நாளைக்கு, அப்புறம் நமக்குத்தானே வரும்" என்று பிரிவினையைத் தள்ளிப்போடுகிறார்கள். அது அப்படி வராது. மகன் இறந்த அன்றே ஐந்தில் ஒரு பங்கு ஆச்சிக்குச் சொந்தமாகிவிட்டது. ஆச்சி உயில் எழுதாமல் இறந்தால் அந்தப் பங்கு 15ஆம் பிரிவின்படி ஆச்சியின் வாரிசுகளுக்குப் போகும். தாத்தா ஏற்கெனவே இல்லை, ஆச்சிக்கு இறந்த இந்த மகனோடு இன்னொரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒன்று, அத்தைக்குப் பதினைந்தில் ஒன்று. இறந்தவரின் கிளைக்கு வரும் பதினைந்தில் ஒன்றை அவருடைய மகனும் மகளும் பாதியாக எடுப்பார்கள். மருமகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேத்திக்கும் இல்லை, ஏனென்றால் அந்தப் பிரிவு முன்னரே இறந்த பிள்ளையின் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. பேத்தி ஆச்சிக்குக் கொள்ளுப்பேத்தி, ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டாள். ஐந்து பேர் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய பத்திரத்துக்கு அதன்பின் சித்தப்பா, அத்தை கையெழுத்தும் வேண்டும். அதனால் ஆச்சி இருக்கும்போதே அவர் பங்கை அவர் பெயரில் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவர் விரும்பினால், விரும்பியவருக்கு, தான செட்டில்மெண்டோ உயிலோ எழுதட்டும். அது அவர் உரிமை. படுத்த படுக்கையில் கைநாட்டு வாங்குவதும், "விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்க" என்று வாய்ச்சொல்லை நம்புவதும் பின்னால் வழக்காகத்தான் முடியும்.

இனி பிரிப்பது. பாளையங்கோட்டை வீடு 60 லட்சம், அம்பாசமுத்திரம் பக்கம் நஞ்சை 2 ஏக்கர், சென்ட் 20,000 என்று 40 லட்சம், வங்கி வைப்பு 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 25 லட்சம், ஆளுக்கு 25 லட்சம். ஒவ்வொன்றையும் ஐந்தாக வெட்டினால் வீடு யாருக்கும் உதவாது, நஞ்சையில் ஆளுக்கு 40 சென்ட் துண்டாகும், தண்ணீர் பாயும் வாய்க்கால் தகராறும் வரும். வைப்புத்தொகை முழுதும் பேத்திக்கு, வீடு மனைவிக்கும் ஆச்சிக்கும் சரிபாதி, நஞ்சை மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 100 சென்ட் என்று வைத்தால் எளிது. வீட்டுப் பக்கம் 10 லட்சம் கூடுதல், நஞ்சைப் பக்கம் ஆளுக்கு 5 லட்சம் குறைவு. அதை மனைவியும் ஆச்சியும் பணமாகத் தந்து சமன் செய்யலாம். கையில் பணம் இல்லையென்றால் மகனுக்கும் மகளுக்கும் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் எழுத வேண்டியிருக்கும். பின்னால் வீட்டை விற்கும்போது நான்கு கையெழுத்து தேவைப்படும் என்பதைத் தெரிந்துதான் அதைச் செய்ய வேண்டும். நஞ்சையைப் பிரிக்கும்போது மடைப்பக்கம் யாருக்கு, கடைப்பக்கத்துக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும், வண்டிப்பாதை எத்தனை அடி என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். சென்ட் கணக்கு சரியாக இருந்தும் சண்டை வருவது இங்கேதான்.

வைப்புத்தொகைக்கு மனைவி நாமினி என்றால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நாமினி வாங்கி வைப்பவர்தான், பணம் ஐந்து வாரிசுகளுக்கும் உரியது. பேத்திக்கு ஒதுக்கியதை அவள் பெயரில் போட்ட பிறகே அந்தப் பங்கு தீர்ந்ததாகும்.

பேத்தி மைனர் என்பதுதான் இந்தக் கணக்கில் கவனமாகக் கையாள வேண்டிய முடிச்சு. தாய்மாமாவோ, சித்தப்பாவோ, பாட்டியோ சட்டப்படி இயற்கைக் காப்பாளர் இல்லை. அவர்கள் அவளுக்காகப் போடும் கையெழுத்து அவளைக் கட்டாது. 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின்படி குழந்தை வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலோ, சொத்து இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலோ மனுப் போட்டு, சொத்துக்குக் காப்பாளர் நியமனம் வாங்கி, இந்தப் பிரிவினைக்கு அனுமதியும் வாங்கிய பிறகே பத்திரம் எழுத வேண்டும். அதற்கு ஆகும் காலம் யாருடைய லீவிலும் அடங்காது. அதனால் ஊருக்கு வருமுன்பே வக்கீல் மூலம் மனுப் போட்டுவிடுவது நல்லது. "பொண்ணுக்கு 18 ஆனதும் கையெழுத்து வாங்கிக்கலாம்" என்று அவள் பங்கையும் சேர்த்து நிலத்தை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அவள் வளர்ந்து வந்து கேட்டால், வாங்கியவரும் சேர்ந்து கோர்ட் வாசலில் நிற்க நேரும்.

வெளிநாட்டு மகன் நேரில் வர முடியாவிட்டால் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டி, கட்டணம் சரி என்று அதிகாரி சான்றளிக்கும் அட்ஜுடிகேஷனைச் செய்துவிட வேண்டும். பவரில் "பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிய" என்று சொத்து விவரத்தோடு தெளிவாக இருக்க வேண்டும். விற்க மட்டும் கொடுத்த பவரை வைத்துப் பாகப்பிரிவினை பதிய முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றாலும் வாரிசாக நஞ்சை அவருக்கு வரலாம். ஆனால் விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் யாருக்கு எந்தப் பாகம் என்று கூர்சீட்டு எழுதி அதோடு விட்டுவிடுவதும் இங்கே வழக்கம். புதிதாகப் பாகம் பிரிக்கும் ஆவணம் பதியப்படாமல் இருந்தால் நீதிமன்றத்தில் அதைப் பங்குக்குச் சான்றாகக் காட்ட முடியாது. குடும்பத்துக்குள் பிரித்தால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் மாற்றிய விகிதப்படி ஒரு பங்குக்கு 40,000 ரூபாயும், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயும் உச்சவரம்பு. அதை மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை. பதிந்த கையோடு பட்டா மாறுதலுக்கும், நஞ்சையில் உட்பிரிவுக்கும் மனுக் கொடுத்து, சர்வேயர் அளந்து கல் நட்டு, புலப்படத்தில் புது உட்பிரிவு எண் ஏறும் வரை உள்ளூர் அக்காவோ தம்பியோ பின்தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து eservices.tn.gov.in தளத்தில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பழைய பெயரே இருந்தால் மனு நகரவில்லை என்று அர்த்தம்.