சூப்பர் நின்டெண்டோவுக்கு எந்தக் கேபிள்?

பழைய வீடியோ கேம் இயந்திரத்தை டிவியில் இணைக்கும் கம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி ஆகிய மூன்று வகைக் கேபிள்களையும் ஒரே இயந்திரத்தில் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். அமெரிக்கா, ஜப்பான் டிவி முறையான என்டிஎஸ்சியில் வந்த சூப்பர் நின்டெண்டோவின் பின்பக்கத்து ஒரே போர்ட்டிலிருந்து இந்த மூன்றுமே வருகின்றன. (1997இல் வந்த சின்ன மாடலில் கம்போசிட் மட்டும்தான்.)

கம்போசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்க வேண்டும். முழுதாகப் பிரிக்க முடிவதில்லை. நிறத்தைச் சுமக்கும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். இயந்திரமோ நொடிக்குச் சுமார் 53.7 லட்சம் புள்ளிகளை வரைகிறது. அதாவது மூன்று புள்ளிகள் கடக்கும் நேரத்தில் நிற அலை இரண்டு சுற்றுதான் சுற்றுகிறது. புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறினால் இந்த அலையால் ஈடுகொடுக்க முடியாது. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும், நெருக்கமான செங்குத்துக் கோடுகளில் வானவில் தெரிவதும் இதனால்தான்.

எஸ்-வீடியோ இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புகிறது. ஊரும் புள்ளிகள் மறைந்துவிடும், வெள்ளை எழுத்து கூர்மையாக நிற்கும். என் கணக்கில் பெரிய தாவல் இதுதான். ஆனால் நிறம் இன்னமும் மங்கலாகத்தான் வருகிறது. வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சிவப்பும் நீலமும் பக்கத்தில் வந்தால் ஓரம் கசியும்.

ஆர்ஜிபியில் அந்தக் கசிவும் போய்விடும். மூன்று நிறமும் தனித்தனியே போவதால் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது எஸ்-வீடியோவிலிருந்து இதற்கு மாறிய வித்தியாசம், முதல் தாவலில் பாதிகூட இருக்காது. பழைய சூப்பர் நின்டெண்டோக்களின் வீடியோ சிப்பே கொஞ்சம் மங்கல். அதை எந்தக் கேபிளும் சரிசெய்யாது. ‘ஒன்-சிப்’ என்று சொல்லப்படும் பிந்தைய மாடல்களில்தான் ஆர்ஜிபியின் முழுக் கூர்மையும் தெரியும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆர்ஜிபி கேபிள்களில் வழக்கமாக இருக்கும் ஸ்கார்ட் பிளக் இருந்தாலே ஆர்ஜிபி ஆகிவிடாது. விலை குறைந்த கேபிள்களில் உள்ளே கம்போசிட் மட்டுமே இணைத்திருப்பார்கள். படத்தில் புள்ளிகள் ஊர்ந்தால் சந்தேகப்படுங்கள். பிளக்கில் 7, 11, 15 ஆகிய ஊசிகள் இல்லாவிட்டால் அது ஆர்ஜிபி இல்லை என்று முடிவே செய்துவிடலாம். ஸ்கார்ட் ஐரோப்பிய டிவிகளின் வழக்கம். நம் ஊர் டிவிகளில் அது அரிது என்பதால், ஆர்ஜிபி எடுத்தால் ஆர்ஜிபியை எச்டிஎம்ஐ ஆக்கும் ஓஎஸ்எஸ்சி போன்ற ஒரு மாற்றியும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் பார்த்தால் எஸ்-வீடியோ போதும் என்பேன்.

செகாவின் மெகா டிரைவ் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நடுவழி கிடையாது. அதிலிருந்து எஸ்-வீடியோ வருவதில்லை. கம்போசிட், இல்லாவிட்டால் ஆர்ஜிபி. அங்கே வேறொரு சங்கடமும் உண்டு. சோனிக் கேமில் வரும் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த கோடுகள்தான். கம்போசிட் அவற்றைக் கலந்துவிடுவதால் தண்ணீருக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். ஆர்ஜிபியில் பார்த்தால் அது வெறும் கோடுபோட்ட திரை.