பத்து லட்சத்தில் பிட்காயினுக்கு எவ்வளவு? மூன்று லட்சமா, ஐம்பதாயிரமா, ஒன்றுமே வேண்டாமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், வங்கி டெபாசிட்டில் 10 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார். "தம்பி, இதுல 3 லட்சத்தை எடுத்து பிட்காயின்ல போடலாமா?" என்று கேட்டார். சில கடைகளுக்கு வரிக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் என்னிடம் வந்தார். ஆளுக்கொரு கருத்து சொல்வதைவிட மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

எவ்வளவு விழும் என்பதற்கு பழைய சரிவு ஒன்றையே எடுத்துக்கொண்டோம். 2021 நவம்பரில் பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலர். ஒரே வருடத்தில் 16,000 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாலில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது.

3 லட்சம் போட்டிருந்தால் அப்படி ஒரு சரிவில் 75,000தான் மிஞ்சும், நட்டம் 2.25 லட்சம். மீதி 7 லட்சம் டெபாசிட்டில் 7 சதவீத வட்டிக்கு இருந்தால் வருடத்துக்கு 49,000 வரும். அந்த வட்டியை வைத்து இந்தப் பள்ளத்தை அடைக்க நாலரை வருடம் ஆகும்.

50,000 மட்டும் போட்டிருந்தால் நட்டம் 37,500. மீதி 9.5 லட்சத்துக்கு வருட வட்டி 66,500. ஏழு மாதத்தில் அடைந்துவிடும். பிட்காயினில் சிறு தொகை போடலாம் என்றால் அது எவ்வளவு என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்: நாலில் மூன்று பங்கு போனாலும், மீதிப் பணத்தின் ஒரு வருட வட்டிக்குள் அந்த நட்டம் அடைய வேண்டும்.

சரி, ஏறினால்? அண்ணன் கேட்டது இதைத்தான். 50,000 நாலு மடங்காகி 2 லட்சம் ஆனால் லாபம் 1.5 லட்சம். 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 46,800 போய், லாபத்தில் 1,03,200 கையில் நிற்கும். 3 லட்சம் போட்டவருக்கு இதைப்போல் ஆறு மடங்கு வரும், உண்மைதான். ஆனால் அவர் அதுவரை விற்காமல் இருந்திருக்க வேண்டும். 2021 உச்சத்தில் வாங்கியவர் அதே விலையை மறுபடி பார்த்தது 2024 மார்ச்சில். இரண்டே கால் வருடத்துக்கு மேல். அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணம் அதற்கு நடுவில் வந்தால் பள்ளத்தில் இருக்கும்போதே விற்றுத்தான் ஆக வேண்டும்.

நம் ஊர் வரிச்சட்டம் இதை இன்னும் கடினமாக்குகிறது. பலருக்கு இது தெரிவதில்லை. பிட்காயின் போன்ற ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நட்டம், இரண்டையும் ஒரே வருடம் விற்கிறீர்கள். கையில் நிகரமாக ஒரு பைசா வரவில்லை. ஆனாலும் 31,200 வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம்: ஒரு காயினின் நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் இதே நிலை என்றால் நட்டம் பெரும்பாலும் லாபத்தில் கழிந்துவிடும். கழியாத நட்டத்தை எட்டு வருடம் வரை சுமந்துபோகலாம். ஒரு பையன் ஏழெட்டுக் காயின்களில் மாற்றி மாற்றி வாங்கி விற்றுவிட்டு மொத்தத்தில் நட்டப்பட்டு வந்தான். அவனுக்கு வரி எழுதிக் கொடுத்தபோது எனக்கே மனது கேட்கவில்லை. அதனால் வாங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்று வாங்குங்கள், அடிக்கடி கைமாற்றாதீர்கள்.

அப்புறம் பாதுகாப்பு. வங்கி மூழ்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் வைத்த காயினுக்கு அப்படி அரசுக் காப்பீடு எதுவும் இல்லை. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து 20 கோடி டாலருக்கு மேல் திருடுபோய், வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

"தங்கம் மாதிரிதானே இதுவும்?" என்றார் அண்ணன். இல்லை. அவசரத்துக்கு தெற்கு ஆவணி மூல வீதியில் வளையலை விற்கலாம், இல்லையென்றால் அடகு வைத்துவிட்டு நகையைத் திருப்பிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் பங்குகள் சரிந்தபோது பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பணம் தேவைப்பட்ட அந்த நேரத்திலேயே அதுவும் கைவிட்டது.

மூன்றாவது வழி, ஒன்றுமே வேண்டாம் என்பது. பேசப் பேசத்தான் தெரிந்தது, அண்ணனுக்கு நகைக்கடன் 1.8 லட்சம் நிற்கிறது. அதற்கு அவர் கட்டும் வட்டி டெபாசிட் வட்டியைவிட அதிகம். அதை அடைத்தால் மிச்சமாகும் வட்டி நிச்சயமான லாபம், அதற்கு வரியும் இல்லை. டெபாசிட்டில் ஒரு பகுதியை முறித்து முதலில் நகையை மீட்கச் சொன்னேன். கல்லூரிக் கட்டணத்தைத் தனியாக ஒதுக்கிய பிறகும் பிட்காயின் ஆசை இருந்தால் 40,000 வரை போடலாம் என்றேன். போன வாரம் நகை வீட்டுக்கு வந்துவிட்டது. பிட்காயின் இன்னும் வாங்கவில்லை.