பாப்-அப்பா, கட்டுரை முடிவா: செய்திமடல் படிவத்தை எங்கே வைப்பது?

சமையல் குறிப்பைக் கைபேசியில் திறந்ததுமே பாப்-அப் வந்தால், புளி எவ்வளவு என்று பார்க்க வந்தவர் மூடும் குறியைத்தான் தேடுவார். திரையை மறைக்கும் இத்தகைய பக்கங்கள் மொபைல் தேடலில் பின்தங்கலாம் என்பது 2017 ஜனவரியிலிருந்தே கூகுளின் விதி. ஆனாலும் பாப்-அப் எல்லோர் கண்ணிலும் படும். முடிவில் உள்ள படிவத்தைக் கடைசிவரை படித்தவர் மட்டுமே பார்ப்பார். எண்ணிக்கை குறையும், சரி. ஆனால் சேர்பவர் எழுத்து பிடித்துச் சேர்பவர். அதனால் என் தேர்வு கட்டுரை முடிவுதான். நடுவிலும் ஒன்று வேண்டுமென்றால், செய்முறைப் படிகளை வெட்டாமல், அவை முடிந்த இடத்தில் வையுங்கள்.

பாப்-அப் வேண்டவே வேண்டுமா? பாதிக்கு மேல் படித்த பிறகு, திரையின் அடியில் சிறு பட்டையாக வரட்டும். ஒருமுறை மூடியவருக்குக் குக்கீயில் குறித்துவைத்து, ஒரு மாதமாவது மறுபடி காட்டாதீர்கள். அப்புறம், முதல் இரண்டு மடல்களிலேயே விலகுபவர்களை, எந்த இடத்துப் படிவத்தில் சேர்ந்தவர்கள் என்று பிரித்து எண்ணுங்கள். பாப்-அப்பில் சேர்ந்தவர்களே அதிகம் விலகினால், அந்தக் கூடுதல் எண்ணிக்கையால் பயனில்லை.