உப்பிய பேட்டரியும் பொய் லேபிளும்: கையடக்க விளையாட்டுக் கருவி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பட்டணத்தில் உள்ள கைப்பேசிக் கடை ஒன்று, என் அக்காள் மகனின் கையடக்க விளையாட்டுக் கருவியில் உப்பியிருந்த பேட்டரியை மாற்றித் தருவதாக 180 ரிங்கிட் வாங்கிக்கொண்டது. புதியது என்று அது பொருத்தித் தந்த பேட்டரியும் சில மாதங்களிலேயே உப்பிவிட்டது. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்தவை எந்தப் பட்டணத்திலும் நடக்கக்கூடியவை என்பதால் அவற்றை விவரமாகச் சொல்கிறேன்.

முதல் பேட்டரி உப்பியதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. பையன் அந்தக் கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியிலேயே எந்நேரமும் செருகி வைத்திருந்தான். துத்தநாகக் கூரை போட்ட வீட்டில், பிற்பகல் வெயில் நேராக விழும் சுவரை ஒட்டி அந்தத் தாங்கி இருந்தது. இத்தகைய கருவிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. மெல்லிய தகடுகளை அடுக்கி, இடையே எரியக்கூடிய கரிமத் திரவம் ஊறிய பிரிப்புத் தாளை வைத்து, எல்லாவற்றையும் அலுமினியப் பூச்சுள்ள நெகிழ்வான உறைக்குள் அடைத்திருப்பார்கள். முழுச் சார்ஜிலேயே நீண்ட காலம் நிற்கும்போது அந்தத் திரவம் தகடுகளின் பரப்பில் மெல்லச் சிதைந்து, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்களை வெளிவிடுகிறது. வெப்பம் கூடக்கூட அந்தச் சிதைவும் வேகமெடுக்கிறது. உறைக்குக் கடினமான ஓடு இல்லாததால், வெளியேற வழியற்ற வாயு உறையையே புடைக்கச் செய்கிறது.

இதற்கு நேர்மாறான காரணமும் உண்டு. விளையாடி முடித்துச் சார்ஜ் தீர்ந்த கருவியை அலமாரியில் போட்டுவிட்டு ஓராண்டு கழித்து எடுப்பவர்கள் அநேகர். பேட்டரியின் மின்னழுத்தம் பாதுகாப்பான எல்லைக்கு வெகு கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே மின்கசிவுக்கு வழி செய்கிறது. ஆகவே பயன்படுத்தாத கருவியைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றி வைப்பதே நல்லது.

அக்காள் முதலில் கவனித்தது, கருவி மேசையில் தட்டையாகப் படியாமல் ஆடியதைத்தான். பிறகு திரையின் ஓர் ஓரம் சட்டத்தை விட்டு மயிரிழை அளவு எழும்பியிருந்தது. கடைக்காரர் கருவியைக் கையில் வாங்கியதும் பின்மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வெறும் காத்துதான் அக்கா, ஊசியால குத்துனா இறங்கிடும்" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடனேயே கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் வாயுவில் தீப்பற்றக்கூடியவை உண்டு. ஊசி பிரிப்புத் தாளைக் கிழித்தால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளலாம். அப்படிப் பற்றாவிட்டாலும், ஓட்டை வழியே புகும் ஈரக்காற்று உள்ளிருக்கும் லித்தியம் உப்போடு வினைபுரிந்து, நுரையீரலைப் புண்ணாக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடை உண்டாக்கும். கட்டை விரலால் அழுத்துவதும் ஏறத்தாழ அதே ஆபத்துதான், ஏனென்றால் மடங்கிய தகடும் பிரிப்புத் தாளைக் கிழிக்கும்.

அக்காள் குத்தச் சம்மதிக்காததால் அவர் வேறு பேட்டரி பொருத்திக் கொடுத்தார். கழற்றிய பழையதை முனைகளில் ஒட்டுநாடாகூட ஒட்டாமல், மீதிச் சில்லறையோடு ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார். நாணயம் ஒன்று இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டிருந்தால் பை அக்காளின் கையிலேயே எரிந்திருக்கக்கூடும்.

ஏமாற்று வெளிப்பட்டது லேபிளில்தான். கருவியின் அசல் பேட்டரியில் 3.7 வோல்ட், 4310 மில்லி ஆம்பியர் மணி, 16 வாட் மணி என்று அச்சிட்டிருந்தது. 4.31 ஐ 3.7 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 16 வருகிறது, கணக்குச் சரி. கடைக்காரரின் "கூடுதல் சக்தி" பேட்டரியிலோ 6000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே அதே 3.7 வோல்ட், அதே 16 வாட் மணி என்று போட்டிருந்தார்கள். 6 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 22.2 வர வேண்டும். அதே தட்டில், அதே பருமனில் அடங்கும் பேட்டரிக்குள் இவ்வளவு கூடுதல் சக்தியை அடைப்பதும் நம்பத்தக்கதல்ல. இரண்டாம் முறை உப்பியபோது ஈப்போவில் ஒரு பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றி, மேல் லேபிளின் விளிம்பு தானாகவே பிரிந்திருந்த இடத்தில் அடியில் இருந்த இன்னொரு லேபிளைக் காட்டினார். பயன்படுத்தி ஓய்ந்த பேட்டரிக்குப் புது லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். சார்ஜ் நாற்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே கருவி திடீரென அணைந்து வந்ததற்கும் அப்போது விளக்கம் கிடைத்தது.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே லேபிளைக் காட்டச் சொல்லி இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். லேபிளில் உள்ள கணக்குச் சரியாக இருப்பதாலேயே பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது, ஆனால் இப்படிப் பெரிய வித்தியாசம் வந்தால் அந்த லேபிளை நம்ப முடியாது.

கருவி உப்பியிருப்பதைக் கண்டால், கடைக்குக் கொண்டுபோகும் வரை செய்ய வேண்டியவை சில. சார்ஜ் வயரை உடனே பிடுங்கி, கருவியை முழுமையாக அணைத்துவிடுங்கள். தூங்கும் நிலையில் விடுவது போதாது. சார்ஜைக் குறைப்பதற்காக விளையாடித் தீர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் அது பொருந்தும். உப்பியதை மேலும் சூடாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழும்பிய மூடியை அழுத்தித் திருகாணியை இறுக்காதீர்கள், குளிர்பதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். கருவியை வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத சிமெண்டுத் தரையில், மண்ணெண்ணெய், பெட்ரோல், துணி ஆகியவற்றுக்கு எட்டத்தில் வையுங்கள். மணல் நிரப்பிய இரும்பு வாளி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் காற்றுப் புகாதபடி மூட வேண்டாம். மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலும் வெயிலில் நிறுத்திய காரிலும் சூடு மிக ஏறும் என்பதால், கடைக்குக் காலையிலேயே எடுத்துச் செல்வது நலம்.

நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பு வாடை, சீறும் ஓசை, தொடும் முன்பே தெரியும் சூடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியைக் கையில் எடுக்காமல் விலகிச் சென்று, புகையைச் சுவாசிக்காமல் 999 ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள்.

நல்ல பழுதுபார்ப்பவரை அவர் கை வேலையிலேயே அடையாளம் காணலாம். ஈப்போவில் பார்த்தவர் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பிறகு பசையைப் பெயர்க்க இரும்புத் தகட்டை எடுக்காமல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் விட்டு, அது ஊறும் வரை காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பினார். பேட்டரி ஒருமுறைகூட வளையவில்லை. கழற்றியதன் முனைகளுக்கு ஒட்டுநாடா ஒட்டித் தனியே வைத்தார். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை லாரி நசுக்கும்போது அது பற்றிக்கொள்ளும், ஆகவே மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கு ரசீது வேண்டும். எங்கள் கடைக்காரர் "பேட்டரி மாற்று" என்று மட்டும் எழுதித் தந்திருந்தார். பேட்டரியின் கொள்ளளவு, புதியதா பழையதா என்பது, உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் கருவியைத் திறக்கக் கொடுக்க வேண்டாம்.