மாட் நிறைந்த ஸ்கைரிமோடு இரண்டு வருடம்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை இரண்டு வருடமாக ஒரே கணினியில் ஆடுகிறேன். 6 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 1080பி திரை. ஆட்டத்தை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் மாட் எதுவும் போடாதவரை வினாடிக்கு 60 ஃப்ரேம் அசையாமல் நின்றது. இருநூறு மாட் தாண்டியபோது வைட்ரன் நகரச் சந்தையில் அது 35க்கு இறங்கியிருந்தது. (மாடுகள் என்று எழுதினால் மேய்ச்சல் நினைவு வருகிறது, உண்மையில் இதுவும் ஒருவகை மேய்ச்சல்தான்.)

எனக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று, நகரத்துக்குள் சட்டென்று திரும்பினால் காட்சி அரை வினாடி உறைந்து நிற்கும். இன்னொன்று, ஸ்கிரிப்ட் மாட்கள் தாமதமாக வேலை செய்யும். அடி வாங்கினால் தடுமாற வைக்கும் மாட் ஒன்று வைத்திருந்தேன். எதிரி அடித்து இரண்டு மூன்று வினாடி கழித்து, சண்டையே முடிந்த பிறகு என் ஆள் தனியாகத் தடுமாறுவான். முதலாவது கார்டின் குறை, இரண்டாவது பிராசஸரின் குறை என்று பிரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நாள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் டெக்ஸ்சர், அதாவது பொருட்களின் மேல் போர்த்தும் படம். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு படம், பிசி7 முறையில் சுருக்கிய பிறகும் 16 எம்பி. தூரத்துக்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் 21 எம்பி. ஒரு மரக்கோப்பைக்கு நிறப் படம் ஒன்று, மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப் ஒன்று என்று வைத்தால் கிட்டத்தட்ட 43 எம்பி. விடுதிக்குள் இப்படி நாற்பது வகைப் பொருள் இருந்தால் 1.7 ஜிபி போய்விடும். அந்தக் கோப்பையோ திரையில் நூறு பிக்சல் அகலம்கூட இருக்காது! 1024 அளவுக்குக் குறைத்தால் அதே நாற்பது பொருளும் 110 எம்பிக்குள் அடங்கும்.

கார்டின் மெமரி நிறைந்ததா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரே போதும். `Dedicated GPU memory` உச்சியைத் தொட்டு நிற்க, `Shared GPU memory` ஏறிக்கொண்டே போனால், இடம் இல்லாத படங்கள் ராமுக்குத் தள்ளப்படுகின்றன என்று அர்த்தம். அங்கிருந்து கார்டுக்கு வரும் பாதை, கார்டின் சொந்த மெமரியோடு ஒப்பிட்டால் ஒற்றையடிப் பாதை. திரும்பும்போது காட்சி உறைவதற்கு அதுதான் காரணம்.

இனி ஸ்கிரிப்ட். ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் மொழியான பாப்பிரஸுக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் இவ்வளவு நேரம்தான் என்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இது `Skyrim.ini`யில் எழுத வேண்டிய பகுதி:

```
[Papyrus]
fUpdateBudgetMS=1.2
bEnableLogging=1
```

முதல் வரியில் இருப்பது இயல்பான அளவு, 1.2 மில்லி வினாடி. இரண்டாவது, லாக் எழுத நான் சேர்த்தது. கணக்கு எளிது: 60 ஃப்ரேம் வந்தால் ஸ்கிரிப்ட்களுக்கு வினாடிக்கு 72 மில்லி வினாடி, 30 ஆனால் வெறும் 36. போதாததற்கு, பல கட்டளைகள் அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருக்கும். ஆக, கோப்பைக்குப் போட்ட டெக்ஸ்சர் என் தடுமாற்றத்தைத் தாமதப்படுத்தியிருக்கிறது. கோர் அதிகமுள்ள பிராசஸர் வாங்கியிருந்தாலும் இந்த வரம்பு அப்படியே இருந்திருக்கும்.

சரி, செய்தது இதுதான். கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசரை வைத்து, கையில் எடுக்கும் சின்னப் பொருட்களை 1024க்கும், கவசம், சுவர் போன்றவற்றை 2048க்கும் குறைத்தேன். மலைக்கும் தரைக்கும் மட்டும் 4096ஐ விட்டுவைத்தேன். விளையாடும்போது வித்தியாசம் தெரியவில்லை. சுவரில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் தெரிகிறது. சந்தையில் ஃப்ரேம் 55க்கு மேல் வந்தது. ஸ்கிரிப்ட் தாமதமும், நான் எதுவும் தொடாமலே, பாதிக்கும் கீழே குறைந்தது.

மிச்சமிருந்த தாமதத்துக்கு லாகைத் திறந்தேன். `Papyrus.0.log`இல் `Suspended stack count is over our warning threshold` என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. வேலை முடியும் வேகத்தைவிட வரும் வேகம் கூடிவிட்டது என்று பொருள். அதன் கீழே கொட்டிக் கிடந்ததெல்லாம் ஒரே மாடின் பெயர். சுற்றியுள்ள ஒவ்வொரு ஆள் மீதும் சில வினாடிக்கு ஒருமுறை ஸ்கிரிப்டை ஏவுகிற வகை அது. காட்டில் தனியாக நடந்தால் பிரச்சினையே இல்லை, ஊருக்குள் வந்தால் முப்பது பேர்.

ஒதுக்கிய நேரத்தை 2.4 ஆக்கியும் பார்த்தேன். தாமதம் குறைந்தது, ஆனால் அந்த நேரம் 60 ஃப்ரேமுக்கான 16.7 மில்லி வினாடியிலிருந்துதான் போகிறது. சந்தையில் ஃப்ரேம் மறுபடி 55க்குக் கீழே வந்தது. திரும்ப 1.2க்கே மாற்றிவிட்டேன்.

அந்த மாடை நடுவில் கழற்றியது என் தவறு. கோப்புகள் போனாலும் அதன் ஸ்கிரிப்ட் எச்சங்கள் சேவ் கோப்பில் தங்கிவிட்டன. சேவ் கோப்பைச் சுத்தம் செய்யும் ரீசேவரில் திறந்தால் அனாதையாக நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. சுத்தம் செய்து ஒரு வாரம் ஆடினேன், நம்பிக்கை வரவில்லை. அப்புறம் 80 மணி நேரத்து ஆட்டத்தை விட்டுவிட்டு, ஹெல்கன் போகும் குதிரைவண்டியில் கைகட்டப்பட்ட நிலையிலிருந்து மறுபடி தொடங்கினேன்.